எல்3 பெட்டிக்கு அருகே 42 என்று எழுதினால் அதன் பொருள் என்ன? கேஷ் படிநிலை வரைபடம் குறித்த விவாதம்

வரைபலகை எழுதியது:

நான்கு கோர்கள் கொண்ட ஸ்கைலேக் மேசைக்கணினிச் சில்லுக்குக் கேஷ் படிநிலையை வரைந்திருக்கிறேன். மேலிருந்து கீழாக எல்1 தரவுக் கேஷ் 32 கிலோபைட், 4 சுழற்சி. எல்2 256 கிலோபைட், 12 சுழற்சி. எல்3 8 மெகாபைட், 42 சுழற்சி. கடைசியாக முதன்மை நினைவகம். எல்3-இல் ஹிட் ஆனால் மொத்தம் 4 + 12 + 42 = 58 சுழற்சி என்று அம்புக்குறியின் மேல் எழுதினேன். உடன் படிப்பவர் அது தவறு என்கிறார். யார் சொல்வது சரி? மிஸ் ஆகும்போது தரவு திரும்பி வரும் அம்பை எல்லாப் பெட்டிகள் வழியாகவும் வரைய வேண்டுமா?

கூட்டல்கணக்கு எழுதியது:

நீங்கள் வரைந்ததுதான் சரி. கோர் முதலில் எல்1-இல் தேடுகிறது, அங்கே இல்லையென்று தெரிந்த பிறகே எல்2-க்குப் போகிறது, அங்கும் இல்லையென்றால் எல்3-க்கு. ஒவ்வொரு வாசலிலும் நின்ற நேரத்தைக் கூட்டாமல் எப்படி விடுவது? சராசரி அணுகு நேரத்திற்கான சூத்திரமே ஹிட் நேரத்தோடு, மிஸ் விகிதத்தைத் தண்டனை நேரத்தால் பெருக்கிக் கூட்டுவதுதானே. உங்கள் நண்பர் அந்தப் பாடத்தைத் தவற விட்டிருப்பார்.

நுண்கட்டமைப்பு எழுதியது:

கூட்டல்கணக்கு சொல்லும் சூத்திரம் சரி. அதில் அவர் இடும் எண்கள்தாம் தவறு. 4, 12, 42 ஆகிய மூன்றும் ஒரே இடத்திலிருந்து அளக்கப்பட்டவை. கோர் ஒரு முகவரியைக் கேட்ட கணத்திலிருந்து, அந்தத் தரவை அடுத்த கட்டளை பயன்படுத்தக் கூடிய கணம் வரை உள்ள நேரம் அது. எனவே எல்3-க்கான 42-க்குள் எல்1-இல் தேடி ஏமாந்த நேரமும் எல்2-இல் தேடி ஏமாந்த நேரமும் ஏற்கெனவே அடங்கிவிட்டன. அவற்றை மறுபடியும் கூட்டுவது, வீட்டிலிருந்து மூன்றாம் மைல்கல் வரை உள்ள தூரத்தோடு முதல் இரண்டு மைல்கற்களின் தூரத்தையும் சேர்ப்பது போன்றது.

ஆயிரம் வாசிப்புகளை எடுத்துக்கொண்டு பார்ப்போம். விகிதங்கள் கணக்கிற்காக நான் வைத்தவை. 950 வாசிப்புகள் எல்1-இலும், 30 எல்2-இலும், 15 எல்3-இலும் ஹிட் ஆகின்றன. 5 மட்டும் முதன்மை நினைவகம் வரை போகின்றன. இந்தச் சில்லு 4 கிகாஹெர்ட்ஸில் ஓடும்போது நினைவகத் தாமதத்தை 42 சுழற்சியும் அதற்கு மேல் 51 நானோவினாடியும் என்று வைத்துக்கொள்ளலாம். 51 நானோவினாடி என்பது 204 சுழற்சி, ஆக மொத்தம் 246.

```
950×4 + 30×12 + 15×42 + 5×246 = 6020
```

சராசரி 6.02 சுழற்சி. இதையே தண்டனைச் சூத்திரத்தின் வழியில் செய்ய விரும்பினால், ஒவ்வொரு படியிலும் கூடுதலாகச் செலவாவதை மட்டும் எடுக்க வேண்டும்: எல்2-க்கு 8, எல்3-க்கு 30, நினைவகத்திற்கு 204.

```
1000×4 + 50×8 + 20×30 + 5×204 = 6020
```

இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. முழுத் தாமதங்களையே தண்டனையாக இட்டால் 4000 + 600 + 840 + 1230 = 6670, அதாவது சராசரி 6.67 என்று வரும். எண் பெரிதாகப் பிசகாததால்தான் இந்தத் தவறு வெகுநாள் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது.

ஆகவே வரைபடத்தில் பெட்டிக்குள் 42 என்று எழுதுங்கள். எல்2-க்கும் எல்3-க்கும் இடையிலான அம்பின் மேல் எழுதுவதாக இருந்தால் 30 என்று எழுதுங்கள். இரண்டையும் கலக்கக் கூடாது.

மடிக்கணினிக்காரர் எழுதியது:

இந்த எண்களே சந்தேகத்திற்குரியவை என்பது என் கருத்து. என்னிடம் இருப்பதும் நான்கு கோர் ஸ்கைலேக்தான். `lscpu` கொடுத்தால் இப்படி வருகிறது:

```
L1d cache:   128 KiB (4 instances)
L2 cache:    1 MiB (4 instances)
L3 cache:    8 MiB (1 instance)
```

எல்1 128 கிலோபைட் என்று கணினியே சொல்லும்போது 32 என்று வரைவது எப்படிச் சரியாகும்? அது மட்டுமல்ல, 64 மெகாபைட் அளவுள்ள ஓர் அணியை முதலிலிருந்து கடைசி வரை கூட்டிப் பார்த்தேன். ஓர் உறுப்புக்கு ஒன்றிரண்டு சுழற்சிக்கு மேல் ஆகவில்லை. எட்டு மெகாபைட் எல்3-இல் 64 மெகாபைட் அடங்காது. 246 சுழற்சி எங்கே போயிற்று?

நுண்கட்டமைப்பு எழுதியது:

முதல் கேள்விக்கு விடை உங்கள் திரையிலேயே இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் உள்ள நான்கைக் கவனியுங்கள். நான்கு கோர்களின் எல்1-களையும் கூட்டித்தான் 128 காட்டப்படுகிறது. ஒரு கோரில் ஓடும் நிரலுக்குக் கிடைப்பது 32 மட்டுமே. `lscpu -C` கொடுத்தால் ஒன்றின் அளவு தனியாகவும் மொத்தம் தனியாகவும் வரும். எல்3 மட்டுமே பொது என்பதால் அங்கே கூட்ட ஒன்றுமில்லை. வரைபலகை அவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: எல்1, எல்2 பெட்டிகளை நான்கு முறை வரைந்து, எல்3-ஐ அவற்றின் கீழே ஒரே அகலப் பெட்டியாக வரைந்தால் இந்தக் குழப்பமே எழாது.

இரண்டாவது கேள்வியில் நீங்கள் அளந்தது தாமதத்தை அன்று. அணியை வரிசையாக வாசிக்கும்போது 64 பைட் கொண்ட ஒரு லைன் வந்துவிட்டால் அதிலேயே பதினாறு முழு எண்கள் இருக்கின்றன. அதற்குள் அடுத்தடுத்த லைன்களை ப்ரீஃபெட்சர் முன்கூட்டியே வரவழைத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, ஒன்றையொன்று சாராத வாசிப்புகளைக் கோர் ஒரே நேரத்தில் பலவாக அனுப்பிவிடும். தாமதத்தைப் பார்க்க வேண்டுமானால் ஒவ்வொரு வாசிப்பும் முந்தைய வாசிப்பின் விடைக்காகக் காத்திருக்க வேண்டும். அணியில் ஒவ்வொரு லைனிலும் இன்னொரு லைனின் முகவரியைத் தாறுமாறான வரிசையில் எழுதி வைத்து, சங்கிலியாகத் தொடருங்கள்:

```c
while (n--) p = *(void **)p;
```

அணியின் அளவை 16 கிலோபைட்டிலிருந்து இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தை வரைந்தால் படிக்கட்டு தெரியும். 32 கிலோபைட்டைத் தாண்டியதும் முதல் ஏற்றம், 256-ஐத் தாண்டியதும் அடுத்தது. முடிவில் `p`-யை அச்சிட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் கம்பைலர் சுழலையே நீக்கிவிடக் கூடும்.

மடிக்கணினிக்காரர் எழுதியது:

செய்து பார்த்தேன். முதல் இரண்டு ஏற்றங்களும் வருகின்றன. ஆனால் 8 மெகாபைட்டில் செங்குத்தாக ஏற வேண்டியது 5, 6 மெகாபைட்டிலேயே சாயத் தொடங்குகிறது. நினைவகப் பகுதியிலோ 246-ஐவிட அதிகமாக வருகிறது.

நுண்கட்டமைப்பு எழுதியது:

அப்படித்தான் வரும். எல்3-ஐ மற்றக் கோர்களில் ஓடுவனவும் பயன்படுத்துகின்றன. அதனால் விளிம்பு மழுங்குகிறது. நினைவகப் பகுதியில், நான்கு கிலோபைட் பக்கங்களாகச் சிதறிய முகவரிகளுக்கு முகவரி மாற்றமும் டிஎல்பி-யில் மிஸ் ஆவதால் அந்தச் செலவும் சேர்கிறது. பெரிய பக்கங்களை ஒதுக்கி ஓட்டினால் அது வெகுவாகக் குறையும்.

கூட்டல்கணக்கு எழுதியது:

58 பற்றிய வாதத்தை விட்டுவிடுகிறேன். இரண்டு வழியிலும் 6020 வந்த பிறகு பேச இடமில்லை. எனினும் மைல்கல் உவமை எல்லா இடத்திற்கும் பொருந்தாது. தேர்வுத் தாள்களில் ‘எல்2 அணுகு நேரம் 12’ என்று மட்டும் கொடுத்துவிட்டு, அது கோரிலிருந்தா, எல்1-இல் மிஸ் ஆன பிறகா என்று சொல்லாமல் விடுகிறார்கள். பெரும்பாலும் கூட்டினால்தான் விடைத்தாளோடு ஒத்துப்போகிறது. ஆகவே வரைபடத்தின் மூலையில் ‘கோரிலிருந்து அளந்தது’ என்று ஒரு வரி எழுதுவது நல்லது.

திரும்பி வரும் அம்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. அது நினைவகத்திலிருந்து எல்3, எல்2, எல்1 என்று ஒவ்வொரு படியாக ஏறி, ஒவ்வொன்றிலும் ஒரு நகலை விட்டுவிட்டுத்தான் கோருக்கு வரும். இதில் மாற்றுக் கருத்து இருக்க முடியாது.

பின்வாசல் எழுதியது:

இருக்க முடியும். வரைபலகை வரைந்திருக்கும் மேசைக்கணினி ஸ்கைலேக்கில் நீங்கள் சொல்வது சரி, ஏனென்றால் அதன் எல்3 உள்ளடக்கும் வகை. மேலே எந்தக் கோரிலும் உள்ள லைன் கீழே எல்3-இலும் இருந்தாக வேண்டும். இதற்கு ஒரு விலையும் உண்டு. எல்3-இல் இடமில்லாமல் ஒரு லைன் வெளியேற்றப்பட்டால், எல்1-இல் அதே லைன் சுடச்சுடப் பயன்பாட்டில் இருந்தாலும் அங்கிருந்தும் அது நீக்கப்படும். எல்3-இலிருந்து மேல்நோக்கிப் புள்ளிக்கோட்டில் ஒரு ‘நீக்கு’ அம்பு வரையாவிட்டால் இந்த வரைபடம் பாதி உண்மையைத்தான் சொல்லும்.

ஏஎம்டி-யின் ஸென் சில்லில் கதை வேறு. அங்கே எல்3 என்பது எல்2 வெளியேற்றியவற்றை வைத்துக்கொள்ளும் விக்டிம் கேஷ். எல்லாவற்றிலும் மிஸ் ஆன லைன் நினைவகத்திலிருந்து வரும்போது எல்3-இல் குடியேறாமல் எல்2-க்கும் எல்1-க்கும் போய்ச் சேர்கிறது. பிறகு எல்2-இல் அதற்கு இடம் பறிபோகும்போதுதான் எல்3-க்குள் இறங்குகிறது. ஆக நிரப்பும் அம்பு எல்3-ஐச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், எல்2-இலிருந்து எல்3-க்கு ‘வெளியேறியது’ என்று தனி அம்பு வர வேண்டும். இன்டெல்லின் சர்வர் ஸ்கைலேக்கும் இதே பக்கம் நகர்ந்துவிட்டது: எல்2 1 மெகாபைட், எல்3 கோருக்கு 1.375 மெகாபைட், உள்ளடக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரே பெயர் கொண்ட குடும்பத்தில் இரண்டு விதமான அம்புகள் இருப்பதால், தலைப்பில் ‘ஸ்கைலேக்’ என்று மட்டும் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கொள்ளளவும் இதைப் பொறுத்தே மாறும். உள்ளடக்கும் வகையில் வெவ்வேறான தரவு மொத்தம் 8 மெகாபைட்டுக்கு மேல் நிற்காது. ஸென்னில் நான்கு கோர் தொகுதியின் 8 மெகாபைட் எல்3-யோடு நான்கு 512 கிலோபைட் எல்2-களும் சேர்ந்து ஏறத்தாழ 10 மெகாபைட் வரை போகலாம்.

வரைபலகை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கேட்கும் வழியைக் கருப்பிலும், தரவு வரும் வழியை நீலத்திலும், மாற்றம் பெற்ற லைன்கள் கீழே எழுதப்படும் வழியைச் சிவப்பிலும் மறுபடி வரைகிறேன். நினைவகப் பெட்டியில் 246 சுழற்சி என்று எழுதலாமா, நானோவினாடி என்று எழுதலாமா?

நுண்கட்டமைப்பு எழுதியது:

42 சுழற்சி + 51 நானோவினாடி என்றே எழுதுங்கள். கோரின் வேகத்தை 2 கிகாஹெர்ட்ஸாகக் குறைத்தால் அந்த 51 நானோவினாடி 204-க்குப் பதில் 102 சுழற்சியாகத் தெரியும். நினைவகம் வேகமாகிவிட்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாது.

பின்வாசல் எழுதியது:

அப்படியானால் எல்3-க்கும் அதே நியாயம் வேண்டும். அதன் கடிகாரம் இந்தச் சில்லில் கோரின் கடிகாரத்திலிருந்து தனியானது. கோரை மட்டும் மெதுவாக்கினால் 42-உம் 42-ஆக நிற்காது. எல்லாவற்றையும் நானோவினாடியில் எழுதிவிடலாம் என்பேன்.

கூட்டல்கணக்கு எழுதியது:

எல்1-ஐ ஒரு நானோவினாடி என்று எழுதினால், 4 சுழற்சியில் எத்தனை கட்டளைகள் காத்திருக்கின்றன என்பது மாணவருக்குத் தெரியாமல் போய்விடுமே. எனக்கு இதில் உடன்பாடில்லை.