ஏ.டி.எம். புராஜெக்டில் பூட்டாத பூட்டு: உங்கள் அனுபவம் என்ன?

லேப் சாவி

பாலிடெக்னிக் ஒன்றில் முதலாண்டு பைத்தான் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். மினி புராஜெக்ட் என்று சொன்னால் பாதிப் பேர் கொண்டுவருவது ஏ.டி.எம். தான். கறுப்புத் திரையில் ஒரு வரவேற்பு வரி, பின் நம்பர் கேட்கும், அப்புறம் 1 போட்டால் பேலன்ஸ், 2 போட்டால் பணம் எடுக்க, 3 போட்டால் பணம் கட்ட, 4 போட்டால் பழைய பரிவர்த்தனைகள். எல்லாரும் பெருமையாகக் காட்டுவது "மூன்று தடவை தப்பாகப் போட்டால் கார்டு முடங்கிவிடும் சார்" என்ற இடத்தைத்தான். இந்த முறை ஒரு பையன் எழுதியது இப்படி இருந்தது:

```python
tries = 3
while tries > 0:
    pin = int(input("PIN: "))
    if pin == acc["pin"]:
        menu(acc)
        break
    tries -= 1
else:
    print("உங்கள் கார்டு முடக்கப்பட்டது")
```

வேண்டுமென்றே மூன்று முறை தப்பாகப் போட்டேன். "உங்கள் கார்டு முடக்கப்பட்டது" என்று வந்து புரோகிராம் நின்றது. மேல் அம்புக்குறியைத் தட்டி என்டர் அடித்தேன். மறுபடி வரவேற்பு, மறுபடி மூன்று வாய்ப்பு. "புதுசா ஓட்டினா அப்படித்தான் சார் வரும்" என்றான் பையன். அவன் சொன்னது சரிதான், `tries` புரோகிராம் ஓடும் வரைக்கும்தான் உயிரோடு இருக்கும். ஆனால் கார்டு முடங்கியது என்று திரையில் எழுதிவிட்டு உள்ளே எதையுமே முடக்காமல் இருப்பதை என்னவென்று சொல்வது?

நான்கு இலக்கம் என்றால் மொத்தமே 10,000 எண்கள். ஓட்டத்துக்கு மூன்று வீதம் 3,334 ஓட்டம். கையால் யாரும் போட மாட்டார்கள், ஆனால் இதைத் திரும்பத் திரும்ப ஓட்ட இன்னொரு சின்ன புரோகிராம் எழுதினால் சில நிமிட வேலைதான். அதை அவன் கண்முன்னே ஓட்டிக் காட்டிய பிறகுதான் நம்பினான். உங்களில் யார் யார் இந்த புராஜெக்ட் செய்தீர்கள், செய்ய வைத்தீர்கள், எங்கே இடறியது என்று எழுதுங்கள்.

செல்வி

என் தம்பி செய்தபோது பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அவனுக்குப் பிரச்சினை அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. சோதனைக்கு 0427 என்று பின் நம்பர் வைக்கப் பார்த்தான். முன்னால் பூஜ்யம் போட்டு எண் எழுதக் கூடாது என்று பைத்தான் அந்த வரியையே ஏற்கவில்லை. சரியென்று பூஜ்யத்தை எடுத்துவிட்டு 427 என்று வைத்தான். இப்போது 0427 போட்டாலும் கதவு திறக்கிறது, வெறும் 427 போட்டாலும் திறக்கிறது, 000427 போட்டாலும் திறக்கிறது!

அதோடு விட்டேனா? தமிழ் விசைப்பலகையில் ௪௨௭ என்று அடித்துப் பார்த்தேன். அதற்கும் திறந்தது. `int()` தமிழ் எண்களையும் படிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தம்பிக்கு ஒரே குஷி, "தமிழ் ஏ.டி.எம்." என்று தலைப்பையே மாற்றிவிட்டான். கடைசியில் பின் நம்பரை எண்ணாக மாற்றாமல் எழுத்துகளாகவே `"0427"` என்று வைத்து ஒப்பிட்டதும் எல்லாம் அடங்கியது. பின் நம்பரைக் கூட்டவோ கழிக்கவோ போவதில்லையே, அதை எண்ணாக்குவானேன்?

கோடு குருவி

பின் நம்பரை ஃபைலில் அப்படியே வைப்பதுதான் பெரிய ஓட்டை. `hashlib` எடுத்து sha256 போட்டு அந்த மதிப்பை மட்டும் வையுங்கள், யார் ஃபைலைத் திறந்தாலும் ஒன்றும் புரியாது. நான் அப்படித்தான் கொடுத்தேன், முழு மதிப்பெண். மூன்று வாய்ப்பு எல்லாம் அதற்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய லெட்ஜர்

தம்பி, ஃபைலில் பின் நம்பரை வெளிப்படையாக வைக்கக் கூடாது என்பது சரி. ஆனால் 0000 முதல் 9999 வரை எல்லாவற்றுக்கும் sha256 போட்டு ஒரு பட்டியல் தயாரிக்க உங்கள் மடிக்கணினிக்கு ஒரு நொடிகூட ஆகாது. ஃபைலில் இருப்பதை அந்தப் பட்டியலில் தேடினால் பின் நம்பர் வந்துவிடும். நான்கு இலக்க எண்ணைக் காப்பாற்றுவது அந்த மூன்று வாய்ப்பு மட்டும்தான். அதனால்தான் அந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்பது முக்கியம்.

வங்கியின் கணினிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஏ.டி.எம்.மில் நீங்கள் அழுத்தும் பின் நம்பர் மறையாக்கப்பட்டு வங்கிக்குப் போகும், சரியா தப்பா என்று அங்கேதான் முடிவாகும். தப்பு எத்தனை என்ற கணக்கும் அங்கேதான். அதனால் இந்த மெஷினில் இரண்டு தப்பு, எதிர்த் தெரு மெஷினில் ஒரு தப்பு என்றாலும் மொத்தம் மூன்று. மாணவர் புராஜெக்டில் அந்த 'அங்கே' என்பது கணக்கு விவரம் இருக்கும் ஃபைல்.

இன்னொன்று, எந்த வரிசையில் எழுதுகிறோம் என்பது. பின் நம்பரைப் பார்த்துவிட்டு, தப்பு என்றால் எண்ணிக்கையைக் கூட்டி, அப்புறம் ஃபைலில் எழுதுவோம் என்று இருந்தால், "தப்பு" என்ற சொல்லைத் திரையில் பார்த்த கணம் Ctrl+C அடித்துத் தப்பித்துக்கொள்ளலாம். சிப் கார்டில் மின்சாரத்தை வெட்டி இதே வித்தையைச் செய்யப் பார்ப்பார்கள். அதற்காகத்தான் நன்றாக எழுதிய கார்டு, ஒப்பிடுவதற்கு முன்னாலேயே ஒரு வாய்ப்பைக் கழித்து எழுதிவிடும். சரியாக இருந்தால் மட்டும் திருப்பிக் கொடுக்கும்.

```python
if acc["wrong"] >= 3:
    print("கார்டு முடக்கத்தில் உள்ளது")
    return
entered = input("PIN: ")
acc["wrong"] += 1
save(accounts)
if entered == acc["pin"]:
    acc["wrong"] = 0
    save(accounts)
    menu(acc)
```

லேப் சாவி

ஐயா, இதை நாளைக்கே லேபில் காட்டுகிறேன். பையனின் பழைய புரோகிராமில் `abcd` என்று அடித்தால் `ValueError` வந்து விழுந்துவிடும், விழுந்ததும் புது மூன்று வாய்ப்பு. உங்கள் வரிசையில் அதற்கும் இடமில்லை.

மாரியம்மன் கோயில் தெரு

எனக்கும் இதே அனுபவம். போன மாதம் ஏ.டி.எம்.மில் 1,200 ரூபாய் எடுக்கப் பார்த்தேன், மெஷின் கடகடவென்று சத்தம் போட்டது, பணம் வரவில்லை. போனில் மட்டும் 1,200 கழிந்ததாக எஸ்.எம்.எஸ். வங்கிக்குப் போனால் "தானா வந்துடும், போங்க" என்கிறார்கள். பரிவர்த்தனைப் பட்டியல் எடுத்துப் பார்த்தால் கழித்தது இருக்கிறது, திரும்பி வந்தது இல்லை. என்ன செய்வது?

செல்வி

அண்ணே, இங்கே பேசுவது மாணவர்கள் எழுதும் போலி ஏ.டி.எம். பற்றி 😄

பழைய லெட்ஜர்

பரவாயில்லை, அவர் கேட்டது இங்கேயும் பொருந்துகிறது. முதலில் உங்களுக்கு: ரிசர்வ் வங்கி 2019இல் போட்ட விதிப்படி, கணக்கில் கழிந்து பணம் வராமல் போனால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் வங்கி தானாகவே திருப்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடு. நீங்கள் கேட்காமலே தர வேண்டியது. எழுத்தில் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மேனிடம் போகலாம்.

இப்போது புராஜெக்டுக்கு வருவோம். மாணவர் புரோகிராமில் பணம் எப்போதும் வந்துவிடும், மெஷின் சிக்குவதே இல்லை. வேண்டுமென்றே ஒரு தடவை சிக்க வையுங்கள். அப்போது பட்டியலை எப்படி எழுதுகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலோர் கழித்த வரியை அழித்துவிடுவார்கள். வங்கியில் எதையும் அழிப்பதில்லை, எதிர் வரி போடுவோம்.

```
1  தொடக்கம்        +5000   5000
2  எடுத்தது         -1200   3800
3  வரி 2 திருப்பம்   +1200   5000
```

இப்படி இருந்தால் இருப்பு ஏன் ஐந்தாயிரத்திலேயே நிற்கிறது என்று வாடிக்கையாளருக்கும் தெரியும், தணிக்கைக்காரருக்கும் தெரியும். மாரியம்மன் கோயில் தெருக்காரர் தேடுவதும் அந்த மூன்றாவது வரியைத்தான்.

கோடு குருவி

அப்படியென்றால் பேலன்ஸ் என்று தனியாக ஒரு எண்ணையே வைக்க வேண்டாமே. பட்டியலைக் கூட்டினால் இருப்பு வந்துவிடுகிறது. ஒரே உண்மை, இரண்டு இடத்தில் முரண்பட வழியே இல்லை.

நந்தினி (இரண்டாமாண்டு)

அண்ணா, நாங்கள் அப்படித்தான் செய்தோம், வைவா அன்றைக்கு மானம் போனது. மினி ஸ்டேட்மென்டில் கடைசி 10 வரி மட்டும் காட்டச் சொன்னார்கள். கூட இருந்த தோழி `history = history[-10:]` என்று எழுதி, அதையே ஃபைலிலும் சேமித்துவிட்டாள். பத்து வரி தாண்டும் வரை யாருக்கும் தெரியவில்லை. பன்னிரண்டாவது வரி எழுதியதும் மேலே இருந்த இரண்டு வரி போனது: தொடக்கத்தின் +5000, அடுத்து எடுத்த -500. உண்மையான இருப்பு 3,200. திரையில் வந்ததோ -1,300. மேடம் சிரித்துக்கொண்டே "ஏ.டி.எம். உனக்கே கடன் கொடுக்குதா?" என்று கேட்டார்.

பழைய லெட்ஜர்

காட்டுவதற்கு மட்டும் `history[-10:]`, சேமிப்பது முழுவதும். அப்படியும் பழையதை வெட்டியே ஆக வேண்டும் என்றால் பாஸ்புக்கில் புதுப் பக்கத்தின் தலையில் எழுதுவோமே, 'முன் பக்க இருப்பு', அதைப் போல வெட்டிய வரிகளின் கூட்டுத்தொகையை ஒரே வரியாக முதலில் போடுங்கள். உங்கள் கணக்கில் அது +4,500. நான் இருப்பைத் தனியாகவும் வைப்பேன், பட்டியலின் கூட்டலையும் பார்ப்பேன். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் அங்கேயே நிறுத்துவேன். ஒரே இடத்தில் வைத்தால் முரண்பாடு வராது என்பது சரி, ஆனால் தப்பு நடந்ததும் தெரியாது.

கோடு குருவி

இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை ஐயா. முதலாண்டுப் பிள்ளைகள் இரண்டு இடத்தில் எழுதினால் ஒன்றை மறப்பார்கள்.

லேப் சாவி

மறக்கத்தான் செய்கிறார்கள். மறந்தது சரிபார்ப்பில் சிக்கும் என்பதால் நான் ஐயா பக்கம். ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். முடங்கிய கார்டை எப்போது திறப்பது? 24 மணி நேரம் என்று வைத்தால், பையன்கள் கணினியின் தேதியை ஒரு நாள் முன்னால் தள்ளிவிடுகிறார்கள். ஃபைலைத் திறந்து `wrong` என்பதை 0 ஆக்கினாலும் அதே கதைதான்.

பழைய லெட்ஜர்

அவன் கணினி, அவன் ஃபைல், அவன் கடிகாரம். அதை அவனிடமிருந்தே காப்பாற்ற முடியாது. மேலாளர் மெனு ஒன்று வைத்து அதில் மட்டும் திறக்கச் செய்யலாம்.

செல்வி

அந்த மேலாளர் மெனுவுக்கு என்ன பின் நம்பர் வைப்பது? தம்பி 1234 வைத்திருக்கிறான்.