கிளாஸ் மட்டும் நின்னு நின்னு போகுது, யூடியூப் ஓடுது. உதவி பண்ணுங்க ப்ளீஸ்

ரூம்_214 · சனி காலை 10:41
கிளாஸ் நடந்துட்டு இருக்கு, அவசரம். சார் முகம் அப்படியே நின்னுடுது. பத்துப் பதினஞ்சு செகண்ட் கழிச்சு குரல் மட்டும் வேகவேகமா ஓடி வந்து சேருது. ஹாஸ்டல் வைஃபை, சிக்னல் ஃபுல். யூடியூப் நல்லா ஓடுது. மூணு வாரமா இதே கதை. ரீஸ்டார்ட் பண்ணியாச்சு, ஆப்பை எடுத்துட்டு மறுபடி போட்டாச்சு. என்ன பண்றது?

ஒற்றைக்கம்பி · 10:46
லேப்டாப்பா போனா? விண்டோஸா? அதே ரூம்ல மத்தவங்களுக்கும் நிக்குதா? நீங்க பேசினா அந்தப் பக்கம் சரியா கேக்குதா? இந்த நாலுக்கும் பதில் இல்லாம யார் சொன்னாலும் குருட்டடிதான்.

வேகம்_வேணும் · 10:48
DNS மாத்துங்க. 8.8.8.8 இல்லன்னா 1.1.1.1. அஞ்சு நிமிஷ வேலை.

தெக்குத்தெரு · 10:52
எங்க வீட்லயும் இப்படித்தான். ராத்திரி ஒன்பது மணி ஆனா சீரியல்கூட ஓட மாட்டேங்குது. கம்ப்ளைன்ட் குடுத்தா மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்றாங்க. இதுக்கும் சேர்த்து வழி சொல்லுங்க.

மூத்த அட்மின் · 10:55
ஹாஸ்டல் வைஃபைன்னா இப்படித்தான்மா இருக்கும். ஒரு ஆக்சஸ் பாயின்ட்டுல நாப்பது பேர் தொங்குவீங்க, பத்து மணிக்கு எல்லாருக்கும் கிளாஸ். யூடியூப் முன்கூட்டியே இறக்கி வச்சுக்கும், அதனால தெரியாது. நேரலைக்கு அந்த வசதி இல்ல. இது அடிப்படை. போன் ஹாட்ஸ்பாட் போட்டுட்டுப் போயிட்டே இருங்க. இதுக்கெல்லாம் தனி இழை தேவையா?

ரூம்_214 · 11:04
லேப்டாப், விண்டோஸ் 10. ரூம்மேட்டுக்கு அதே வைஃபைல ஒண்ணும் ஆகல. நான் பேசினா சாருக்கு நல்லா கேக்குதாம், எனக்குத்தான் அவர் நின்னுடறார். ஹாட்ஸ்பாட் போன வாரமே போட்டுப் பாத்தேன் அண்ணா, அதுலயும் இதேதான். ஆனா போன்லயே கிளாஸ் பாத்தா நிக்கல.

ஒற்றைக்கம்பி · 11:09
இப்பத்தான் விஷயம் வருது. ஹாட்ஸ்பாட்லயும் நிக்குதுன்னா ஹாஸ்டல் நெட்வொர்க் மேல பழி போட முடியாது. போன்ல ஓடுதுன்னா கிளாஸ் ஆப் மேலயும் முடியாது. மிச்சம் இருக்கறது உங்க லேப்டாப், அதுலயும் வாங்கற பக்கம். அனுப்பறது ஒழுங்கா போயிடுதே.

கிளாஸ் முடியறதுக்குள்ள ஒண்ணு செய்ங்க. ஹாஸ்டல் வைஃபைலயே இருந்துட்டு, கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து `ipconfig` அடிங்க. Default Gateway எதிர்ல இருக்கற எண்ணை எடுத்து கீழ போடுங்க. உங்களுக்கும் வைஃபை பெட்டிக்கும் நடுவுல மட்டும் எவ்வளவு நேரம் ஆகுதுன்னு இது காட்டும், வெளி இன்டர்நெட்டே இதுல வராது. ரெண்டு நிமிஷம் ஓட விட்டு கன்ட்ரோல்-சி அடிச்சு நிறுத்திட்டு ரெண்டாவது கமாண்டும் அடிங்க.

```
ping -t 192.168.40.1
netsh wlan show interfaces
```

முகவரி உங்களுக்கு வேறயா இருக்கும், அப்படியே காப்பி அடிச்சுடாதீங்க. சில கேம்பஸ்ல கேட்வே பிங்குக்குப் பதிலே சொல்லாது. எல்லா வரியும் timed out வந்தா பயப்பட வேண்டாம், அப்ப ஹாட்ஸ்பாட்டுக்கு மாறி போனோட முகவரிய பிங் பண்ணிக்கலாம்.

மணி ரேடியோ · 11:13
2.4 கிகாஹெர்ட்ஸ்ல இரைச்சல். அடிச்சு சொல்றேன். பக்கத்துல மைக்ரோவேவ் அடுப்பு ஓடுதா? ப்ளூடூத் ஹெட்செட்டா?

ரூம்_214 · 11:26
ஹாஸ்டல்ல ஏதுங்க அடுப்பு, கெட்டில் வச்சாலே வார்டன் பிடுங்கிடுவாங்க. இயர்போன் ஒயர் வச்சது. என் முகவரியும் 192.168.40.1 தான் வந்துச்சு 😅

```
Reply from 192.168.40.1: bytes=32 time=4ms TTL=64
Reply from 192.168.40.1: bytes=32 time=812ms TTL=64
Request timed out.
Reply from 192.168.40.1: bytes=32 time=1394ms TTL=64

Channel                : 6
Receive rate (Mbps)    : 6.5
Transmit rate (Mbps)   : 65
Signal                 : 94%
```

வேகம்_வேணும் · 11:29
DNS மாத்தினீங்களா இல்லையா?

ஒற்றைக்கம்பி · 11:33
@வேகம்_வேணும் பேரைச் சொன்னா விலாசம் சொல்றதுதான் DNS வேலை. கிளாஸ்ல சேர்ந்த அப்புறம் அதுக்கு அங்க பெருசா வேலை இல்ல. இந்தப் பிங்ல பேரே கிடையாது, வெறும் எண். அப்பவும் 1394 வருது பாருங்க.

@ரூம்_214 கடைசி மூணு வரிதான் முக்கியம். சிக்னல் 94, அனுப்பற வேகம் 65, வாங்கற வேகம் 6.5. ஒரே டேபிள், ஒரே ஆன்டெனா, போறதுல பத்துல ஒரு பங்குதான் வருது. பெட்டி அனுப்பறது உங்க கிட்ட வந்து சிதையுது. அதனால பெட்டி திரும்பத் திரும்ப அனுப்பிப் பாத்துட்டு வேகத்தைக் குறைச்சுக்கிட்டே வருது. சத்தம் உங்க ஆன்டெனாவுக்குப் பக்கத்துலயே இருக்கு. மணி சொன்னது பாதி சரி, ஆனா அது ரூமுக்கு வெளிய இல்ல.

கிளாஸ் நேரத்துல மட்டும் லேப்டாப்ல என்ன செருகறீங்க? எல்லாத்தையும் சொல்லுங்க.

ரூம்_214 · 11:41
புதுசா ஒண்ணும் இல்ல அண்ணா. கிளாஸை OBS-ல ரெக்கார்ட் பண்ண ஹார்ட் டிஸ்க் போடுவேன், உள்ள இடம் இல்ல. அப்புறம் வைஃபை டாங்கிள், அது எப்பவுமே இருக்கும்.

ஒற்றைக்கம்பி · 11:42
டாங்கிளா!

ரூம்_214 · 11:44
உள்ள இருந்த வைஃபை போன செமஸ்டர்லயே செத்துப்போச்சு. நகம் சைஸ் டாங்கிள் ஒண்ணு வாங்கிப் போட்டேன். சொல்லணுமா அதை?

ஒற்றைக்கம்பி · 11:52
அதைத்தான் முதல்ல சொல்லியிருக்கணும் 🙂 இடது பக்கம் ரெண்டு நீல போர்ட், ஒண்ணுல டாங்கிள், ஒட்டி அடுத்ததுல ஹார்ட் டிஸ்க். சரியா?

யூஎஸ்பி 3.0 நொடிக்கு 5 கிகாபிட் வேகத்துல ஓடுது. அந்த ஓட்டத்தோட இரைச்சல் கேபிள்லயும் சாக்கெட்லயும் கசிஞ்சு 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் பரவலா விழும். இன்டெல் 2012லயே இதை அளந்து வெளியிட்டுச்சு, இரைச்சல் 20 டெசிபெல் வரைக்கும் ஏறுது. நகம் சைஸ் டாங்கிளோட ஆன்டெனா அந்த சாக்கெட்டுக்கு ரெண்டு சென்டிமீட்டர் தள்ளித்தான் இருக்கு. சிக்னல் கோடு ஏன் குறையலன்னா, அது பெட்டி எவ்வளவு சத்தமா பேசுதுன்னு மட்டும்தான் காட்டும். உங்க காதோரம் மிக்ஸி ஓடறதைக் காட்டாது. ஹாட்ஸ்பாட் போட்டாலும் வாங்கறது அதே டாங்கிள்தானே, அதான் அங்கயும் அதே கதை.

கிளாஸ் முடிஞ்சதும் மூணு தடவை பிங் பாருங்க. டிஸ்க் இல்லாம ஒரு தடவை. செருகிச் சும்மா வச்சு ஒரு தடவை. பெரிய ஃபைல் ஒண்ணை டிஸ்குக்குக் காப்பி பண்ணும்போது ஒரு தடவை. மூணாவதுலதான் எகிறணும்.

மூத்த அட்மின் · 12:05
ஹார்ட் டிஸ்க் வைஃபையை நிறுத்துதாம். இருபது வருஷமா சர்வர் பாக்கறவன்கிட்ட கதை சொல்றீங்க. டிஸ்க் மோட்டார் கரண்ட்டை இழுக்குது, டாங்கிளுக்குப் பவர் பத்தல. அவ்வளவுதான். தனிப் பவர் இருக்கற ஹப் வாங்கச் சொல்லுங்க.

ஒற்றைக்கம்பி · 12:11
பவர் குறையறதும் நடக்கக்கூடியதுதான், மறுக்கல. ஆனா பவர் குறைஞ்சா அனுப்பறதுதான் முதல்ல தடுமாறணும், ரேடியோ அதிகம் இழுக்கறது அனுப்பும்போதுதான். இங்க நேர்மாறா இருக்கு. பிரிச்சுப் பாக்க சுலபமான வழி இருக்கு. ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒண்ணு போட்டு, அதே போர்ட்ல இருந்தே டாங்கிளைத் தள்ளி வைங்க. போர்ட் மாறல, பவர் கூடல, தூரம் மட்டும்தான் கூடுது. சரியாச்சுன்னா இரைச்சல். ஆகலன்னா நீங்க சொன்னது.

மணி ரேடியோ · 12:14
ஒயர் கிடைக்கலன்னா டிஸ்கை கறுப்பு போர்ட்ல போடுங்க, யூஎஸ்பி 2.0 வேகத்துல ஓடும், இந்த இரைச்சல் வராது. கறுப்பு இல்லன்னா ஒரு குறுக்குவழி. டிஸ்க் பக்கம் அந்த அகலமான ரெட்டை வாய் சாக்கெட்டா இருந்தா, பெரிய பாதியில பழைய போன் சார்ஜர் கேபிள் அப்படியே போகும். அப்பவும் 2.0தான். ஒரு எச்சரிக்கை: மெல்லிசான சார்ஜர் கேபிள்ல டிஸ்க் சுத்த ஆரம்பிக்காம டிக் டிக்னு சத்தம் போட்டா உடனே கழட்டிடுங்க.

வேகம்_வேணும் · 12:17
2.0ல ரெக்கார்டிங் விட்டு விட்டுப் பதிவாகுமே?

மணி ரேடியோ · 12:20
OBS-ல 2500 kbps வச்சா ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் மேல வரும். நொடிக்கு 0.3 எம்பி. 2.0 போர்ட் அதைப் போல நூறு மடங்கு எழுதும். படம் காப்பி பண்ணும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

தெக்குத்தெரு · 12:31
அப்ப எங்க மோடம் பக்கத்துல இருக்கற டிவி பெட்டிலயும் பென் டிரைவ் செருகியிருக்கு, அதைக் கழட்டினா சீரியல் ஓடுமா?

ஒற்றைக்கம்பி · 12:34
நீல பென் டிரைவா இருந்து, டிவி பெட்டி 2.4ல வைஃபை எடுத்தா, கழட்டிப் பாக்கறதுல நஷ்டம் இல்ல. ஆனா ராத்திரி ஒன்பதுக்கு மட்டும்னா அது பென் டிரைவ் மாதிரி தெரியல. தனி இழை போடுங்க, பாப்போம்.

வேகம்_வேணும் · 12:40
5 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் வாங்கினா எல்லாம் முடிஞ்சுதே.

மூத்த அட்மின் · 12:43
ஹாஸ்டல் பெட்டில 5 இருக்கான்னு முதல்ல கேளுங்க. இருந்தாலும் ரெண்டு சுவர் தாண்டினா அது 2.4 அளவுக்கு வராது.

வேகம்_வேணும் · 12:45
எனக்கு மூணு சுவர் தாண்டி வருதே!

மூத்த அட்மின் · 12:46
உங்க சுவர் என்ன பிளைவுட்டா?

ரூம்_214 · ஞாயிறு மாலை 6:20
டிஸ்க் இல்லாம 3, 4ms. செருகிச் சும்மா வச்சா அப்பப்ப 40. காப்பி போட்டதும் 900, timed out. பக்கத்து ரூம் அக்காகிட்ட ஒரு மீட்டர் ஒயர் வாங்கி, அதே போர்ட்ல போட்டு டாங்கிளை ஜன்னல் கம்பில கட்டிட்டேன். காப்பி ஓடும்போதே 5ms, Receive rate 58.5. இன்னைக்கு ரெண்டு மணி நேரக் கிளாஸ், ரெக்கார்டிங்கோட ஒரே தடவை நின்னுச்சு, அது ஏன்னு தெரியல. நன்றி அண்ணா எல்லாருக்கும். நாளைக்கு டெஸ்ட், போறேன்.

மூத்த அட்மின் · 6:48
எக்ஸ்டென்ஷன் போடும்போது டாங்கிளைக் கழட்டி மாட்டியிருப்பாங்க, டிரைவர் மறுபடி ஏறியிருக்கும். அதுலயும் சரியாகும்.

ஒற்றைக்கம்பி · 6:55
டிரைவர்னா காப்பி போடாதப்பவும் தடுமாறியிருக்கணும், அப்ப 3ms வந்துச்சு. வேணும்னா ஒயரைக் கழட்டி பழைய இடத்துலயே செருகிக் காப்பி போடட்டும், திரும்ப 900 வரும். டெஸ்ட் முடிஞ்சு வந்தா கேப்போம்.

அந்த ஒரே ஒரு தடவை நின்னதுக்கு நீங்க முதல்ல சொன்ன நாப்பது பேர் காரணமா இருக்கலாம்.

மணி ரேடியோ · 7:02
ஜன்னல் கம்பி இரும்பு. அதுல ஒட்டிக் கட்டாம நாலு விரல் தள்ளித் தொங்கவிடச் சொல்லுங்க.