கிராஸ் டிரெயினிங் ஷூ மாற்றியதிலிருந்து இடது காலில் வலி: தூக்கும்போது இல்லை, ஓடும்போது மட்டும்

வேலப்பாடி வாசி
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 36, எடை 82 கிலோ. வேலூரில் சத்துவாச்சாரி பக்கம் ஒரு சின்ன ஜிம்மில் காலை 5.30 வகுப்புக்கு வாரம் நான்கு நாள் போகிறேன். எங்கள் ஊர் வெயிலுக்கு ஏழு மணி தாண்டினால் வெளியே ஓட முடியாது. ஒரு நாள் பயிற்சி ஏறக்குறைய இப்படி இருக்கும்: 400 மீட்டர் ஓட்டம், 80 கிலோவில் டெட்லிஃப்ட் 8 முறை, 20 அங்குலப் பெட்டி மேல் 10 தடவை குதிப்பது. இதையே நான்கு சுற்று. ஓட்டம் பக்கத்துக் குடியிருப்புத் தெருக்களில், சிமென்ட் ரோட்டில்.

மூன்று மாதம் முன்பு வரை ரன்னிங் ஷூதான் போட்டேன். எடை தூக்கும்போது குதிகால் மெத்தை மேல் நிற்பது போல ஆடும். அதனால்தான் கிராஸ் டிரெயினிங் ஷூவுக்கு மாறினேன். தூக்குவதில் வித்தியாசம் முதல் நாளே தெரிந்தது, கால் தரையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஆனால் ஆறேழு வாரமாக இடது கணைக்கால் எலும்பின் உள்பக்கம், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, வலி. ஓட ஆரம்பித்ததும் வலிக்கிறது, உடம்பு சூடானதும் குறைகிறது, ராத்திரி திரும்ப வருகிறது. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் கெண்டைக்கால் இரண்டும் கட்டை மாதிரி இறுகியிருக்கிறது.

ஏழாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய ஷூ. இதில் குறை இருக்கிறதா, கடையில் கொடுத்து மாற்றலாமா, இல்லை என் கால்தான் பிரச்சினையா?

காகிதப்பட்டறை
எனக்கும் இதே கதைதான் நண்பரே. அந்த ஷூவின் சோல் கல் மாதிரி இருக்கும், அதிர்வை எல்லாம் கால்தான் வாங்கும். ஒரு நல்ல ஜெல் இன்சோல் வாங்கிப் போடுங்கள், ஐந்நூறு அறுநூறு ரூபாய்தான். பத்து நாளில் எனக்கு வலி போய்விட்டது.

காட்பாடி ஜங்ஷன்
நான் தினமும் கோட்டை அகழியைச் சுற்றி நடக்கிறேன், முழங்கால் வலிக்கிறது. எனக்கும் இந்த கிராஸ் டிரெயினிங் ஷூ சரிப்படுமா? பார்க்க அழகாக, அகலமாக இருக்கிறது.

ஆம்பூர் பட்டறை
வேலப்பாடி தம்பி, நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் 14 வருடமாக சோல் ஒட்டும் பிரிவில் இருக்கிறேன். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ஷூ கெட்டுப்போகவில்லை. எதற்குச் செய்தார்களோ அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

ஒரு சோதனை சொல்கிறேன். பழைய ஷூவின் குதிகால் பக்கம் வெளிச் சுவரில் கட்டைவிரலால் அழுத்துங்கள், பன் போல உள்ளே போகும். புதியதில் அழுத்துங்கள், ரப்பரை அழுத்துவது போல இருக்கும். பயிற்சி ஷூவுக்கு ஃபோமை அப்படி அடர்த்தியாகவே அடிப்பார்கள். 80 கிலோ கம்பியும் உங்கள் 82 கிலோவும் சேர்ந்து நிற்கும்போது குதிகால் ஒரு பக்கமாகச் சரியக் கூடாது, அதற்காக. அடியும் தட்டையாக, அகலமாக இருக்கும். எந்த ஃபோம் எடைக்கு அமுங்காமல் நிற்கிறதோ, அதுவே ஓட்டத்திலும் அமுங்காது. இரண்டையும் ஒரே சோலில் முழுசாகக் கொடுக்க எந்தக் கம்பெனியாலும் முடியாது, நடுவில் ஓர் இடத்தில்தான் நிறுத்துவார்கள்.

ஜெல் இன்சோல் சொன்னவருக்கு: ஓட்டத்துக்குக் கொஞ்சம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் தம்பி எதற்காக ஷூ மாற்றினாரோ அந்த ஆட்டம் உள்ளே இருந்தே திரும்ப வந்துவிடும். குதிகாலும் சில மில்லிமீட்டர் மேலே ஏறுவதால், பின்பக்கப் பிடி தளர்ந்து ஷூ கழலும்.

தம்பி, இரண்டு விவரம் வேண்டும். பழையதிலும் புதியதிலும் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உயர வித்தியாசம் எவ்வளவு? மாறிய பிறகு ஓட்டம் கூடியதா?

காட்பாடி ஐயா, நடைக்கு இது தேவையில்லை. சோல் விறைப்பு, நீண்ட நேர நடைக்கு மெத்தென்ற ஷூவே மேல். முழங்காலுக்கு முதலில் டாக்டரைப் பாருங்கள்.

வேலப்பாடி வாசி
அண்ணா, கட்டைவிரல் சோதனை நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. உயர வித்தியாசம் பழையதில் 10 மில்லிமீட்டர், புதியதில் 4 என்று கம்பெனி தளத்தில் போட்டிருக்கிறார்கள்.

ஓட்டம் பற்றி நான் எழுத மறந்தது ஒன்று. இரண்டு மாதமாகச் சனிக்கிழமை தோறும் 2 கிலோமீட்டர் சேர்த்திருக்கிறார்கள். ஸ்கிப்பிங்கும் 100-லிருந்து 300 ஆகிவிட்டது. இதையெல்லாம் ஷூவோடு சேர்த்து யோசிக்கவே இல்லை.

ஆம்பூர் பட்டறை
அங்கேதான் இருக்கிறது. 10-லிருந்து 4 என்றால் ஒவ்வொரு அடியிலும் குதிகால் 6 மில்லிமீட்டர் கூடுதலாகக் கீழே இறங்குகிறது. அந்த இழுப்பைக் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் வாங்குகின்றன. காலையில் கட்டை மாதிரி இறுகுவது அதனால்தான்.

எண்ணிப் பாருங்கள். மெதுவாக ஓடினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 160 அடி. 2 கிலோமீட்டர் உங்களுக்கு 13 நிமிடம் என்று வைத்தால் 2,000 அடிக்கு மேல், ஒரு காலுக்கு ஆயிரம். ஒவ்வொன்றிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விழும். பெட்டியில் குதிப்பது நான்கு சுற்றுக்கும் சேர்த்து 40தான். 400 மீட்டர் வரை இந்த ஷூ தாங்கும், அதையே ஒரு மூச்சாக ஐந்து மடங்கு ஓடினால் குறை தெரிய ஆரம்பிக்கும். ஸ்கிப்பிங் முழுக்க முன்பாதத்தில், அங்கே ஃபோம் இன்னும் மெல்லிசு.

சத்துவாச்சாரிப் பெண்
நான் பளு தூக்குகிறவள், இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோவிலும் 2018-இல் கோல்ட் கோஸ்ட்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கினாரே, அந்தச் சத்துவாச்சாரிதான் என் ஊர். எங்கள் தூக்கும் ஷூவில் குதிகால் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் உயரமாக, மரக்கட்டை போல அமுங்காமல் இருக்கும். அதைப் போட்டு யாரும் பத்தடி ஓட மாட்டோம். கிராஸ் டிரெயினிங் ஷூ அதற்கும் ரன்னிங் ஷூவுக்கும் நடுவில் நிற்பது, அவ்வளவுதான்.

வேலப்பாடி அண்ணா, குதிப்பது 40தானே என்று ஆம்பூர் அண்ணா விட்டதில் எனக்குச் சின்ன மறுப்பு. பெட்டியிலிருந்து எப்படி இறங்குகிறீர்கள்? பின்னால் குதித்து இறங்கி, உடனே திரும்ப எகிறினால் கெண்டைக்கால் இழுபட்ட நிலையிலேயே தள்ள வேண்டியிருக்கும். அடி 40தான் என்றாலும் ஒவ்வொன்றும் கனம். ஏறுவதற்குக் குதியுங்கள், இறங்கும்போது ஒவ்வொரு காலாக எடுத்து வையுங்கள். போன வருடம் என் பிள்ளைகளில் ஒருத்திக்கு இதை மட்டும் மாற்றியே கெண்டைக்கால் இறுக்கம் தளர்ந்தது.

இன்னொன்று, இடது கால் மட்டும் ஏன்? ஷூ இரண்டு காலிலும் ஒன்றுதானே?

வேலப்பாடி வாசி
குதித்துத்தான் இறங்குகிறேன், வேகத்துக்காக. இடது மட்டும் ஏன் என்பது எனக்கும் புரியவில்லை. ஓட்டம் எப்போதும் ஒரே சுற்று: ஜிம்மிலிருந்து கிளம்பி, அந்த வீட்டு வரிசையை வலம் வருவது போல வீடுகள் வலது கைப்பக்கம் இருக்க, ஓரமாகவே ஓடித் திரும்புவோம்.

சத்துவாச்சாரிப் பெண்
அப்படியென்றால் ரோடு சரிவையும் பாருங்கள். மழைத் தண்ணீர் வடிய ரோட்டின் நடு உயரமாகவும் ஓரம் தாழ்வாகவும் இருக்கும். வலம் வருகிற மாதிரி ஓரத்தில் ஓடினால் இடது கால் எப்போதும் மேட்டில் விழுகிறது. மேட்டுக் கால் உள்பக்கம் சாயும், கணைக்காலின் உள்பக்கம் இழுக்கும். உங்கள் வலி சரியாக அந்த இடத்தில். ஒரு நாள் இந்தப் பக்கம், மறுநாள் எதிர்ப்பக்கம் என்று சுற்றிப் பாருங்கள்.

ஆம்பூர் பட்டறை
ரோடு சரிவா என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை அம்மா, பலருக்கு ஒரு கால் இயல்பிலேயே கூடுதலாகச் சாயும். பழைய ஷூவைப் பார்த்தால் தெரியும். தம்பி, இடது ஷூவின் அடி ரப்பர் உள்பக்கம் அதிகமாகத் தேய்ந்திருக்கிறதா?

வேலப்பாடி வாசி
இரண்டும் ஒரே மாதிரிதான் தேய்ந்திருக்கிறது அண்ணா, குதிகாலின் வெளிப்பக்க ஓரம்.

பிசியோ மாணவி
குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். ஷூவுக்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். எலும்பின் உள்விளிம்பை விரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். உள்ளங்கை நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் தசையும் எலும்பு உறையும் இழுபட்ட வலி. ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் மட்டும் சுரீர் என்றால், அல்லது அந்தக் காலில் மட்டும் நின்று ஒரு தடவை குதித்தால் வலித்தால், எலும்பில் மயிர்க்கீறல் இருக்கலாம். அப்போது ஓட்டத்தையும் குதிப்பதையும் அன்றே நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போவது உண்டு, படம் சுத்தம் என்று திரும்ப ஓடிவிடாதீர்கள்.

வேலப்பாடி வாசி
அழுத்திப் பார்த்தேன். நான்கு விரல் அகலத்துக்கும் மேலே பரவலாக வலிக்கிறது, ஒரே புள்ளியில் இல்லை. ஒற்றைக் காலில் குதித்தேன், வலிக்கவில்லை. சனிக்கிழமை 2 கிலோமீட்டருக்குப் பழைய ரன்னிங் ஷூவைப் பையில் எடுத்துப்போகிறேன். 400 மீட்டர் சுற்றுகளுக்குப் புதியதே. ஸ்கிப்பிங் மறுபடி 100, பெட்டியிலிருந்து எடுத்து வைத்து இறங்குவது, ஓட்டத்தில் திசை மாற்றுவது. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

காகிதப்பட்டறை
நான் ஜெல்லில் ஓடுவதோடு சரி, தூக்குவது 20 கிலோ டம்பெல்தான். அதனால்தான் எனக்கு ஆட்டம் தெரியவில்லை போல. 80 கிலோவுக்கு நான் சொன்னது பொருந்தாது.

வேலப்பாடி வாசி
மூன்று வாரம் முடிந்தது. காலையில் கட்டை போல இறுகுவது இரண்டாவது வாரமே போய்விட்டது. ராத்திரி வலி இல்லை. ஓட ஆரம்பிக்கும்போது இடது காலில் லேசாக இன்னும் தெரிகிறது, முன்பு பத்துக்கு ஆறு என்றால் இப்போது ஒன்று. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றியதால் எது குணப்படுத்தியது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ரோடு சரிவு விஷயம் அப்படியே நிற்கிறது.

ஒரு புதுச் சிக்கல். அடுத்த மாதம் 800 மீட்டர் ஓட்டமும் 60 கிலோ ஸ்குவாட்டும் மாறி மாறி ஐந்து சுற்று வைத்திருக்கிறார்கள். மொத்தம் 4 கிலோமீட்டர். நடுவில் ஷூ மாற்ற நேரம் கிடையாது.

ஆம்பூர் பட்டறை
அந்த நாளுக்கு ஓட்டத்தைப் பார்த்து ஷூவைத் தேர்ந்தெடுங்கள். முன்பாதத்தில் மெத்தென்ற ஃபோமும் குதிகாலில் விறைப்பான வளையமும் வைத்த பயிற்சி ஷூக்கள் வருகின்றன, உயர வித்தியாசம் 6, 7 இருப்பதாகத் தேடுங்கள்.

சத்துவாச்சாரிப் பெண்
நான் மாற்றுவதானால் ஷூவை மாற்ற மாட்டேன், எடையைக் குறைப்பேன். ரன்னிங் ஷூ போட்டு 40 கிலோவில் ஸ்குவாட் செய்யுங்கள் அண்ணா. கணுக்கால் உள்ளே சாய்கிறதா என்று யாரையாவது பின்னால் நின்று போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். சாய்ந்தால் இன்னும் 10 கிலோ குறையுங்கள்.

வேலப்பாடி வாசி
வரும் செவ்வாய்க்கிழமை 40 கிலோவில் எடுத்துப் பார்க்கிறேன். படத்தை இங்கேயே போடுகிறேன்.