இசையமைப்பாளர் பெயர் ஒத்துப்போனது, பாட்டு ஒத்துப்போகவில்லை

ரேடியோப்பெட்டி:
அப்பாவின் பழைய கேசட்டில் ஒரு பாட்டு. சொற்கள் தேய்ந்துவிட்டன, மெட்டு மட்டும் தெளிவாக இருந்தது. பாட்டைக் கண்டுபிடிக்கும் செயலி, 1982இல் வந்த ‘ஆட்டோ ராஜா’ படத்தின் ‘சங்கத்தில் பாடாத கவிதை’ என்றது. ஆல்பம் பக்கத்தின் தலைப்பில் சங்கர் கணேஷ் பெயர் இருந்ததால் தயங்கினேன். பாட்டுக்கென்று தனியாக உள்ள விவரங்களைத் திறந்ததும் இசை இளையராஜா என்றிருந்தது. அந்தப் படத்தில் அந்த ஒரு பாட்டு மட்டும் அவருடையது. சரிதான் என்று முடிவு செய்யும் நேரத்தில் பாடியவர்கள் வரி கண்ணில் பட்டது: இளையராஜா, எஸ். ஜானகி. கேசட்டில் முதலிலிருந்து கடைசிவரை ஒரே பெண் குரல். எனவே இது அதுவல்ல. அதே மெட்டில் அதே ஆண்டு வந்த மலையாளப் படமான ‘ஓளங்கள்’ பக்கத்துக்குப் போனேன். ‘தும்பீ வா’ பாட்டுக்குப் பாடியவர் ஜானகி மட்டும், வரிகள் ஓ.என்.வி. குறுப்பு. கேட்டுப் பார்த்தேன், அதேதான்!

மாடிவீட்டுக்காரர்:
இவ்வளவு எதற்கு? வெளியீட்டு ஆண்டைப் பாருங்கள். 2014 என்றிருந்தால் யாரோ புதிதாகப் பாடியது, ஒதுக்கிவிடலாம்.

ஒலிநாடா:
அதை மட்டும் நம்பி ஒதுக்காதீர்கள். பழைய பாட்டுகளுக்குப் பெரும்பாலும் அது தளத்தில் ஏற்றிய ஆண்டு. பக்கத்தின் அடியில் ℗ குறியோடு வரும் வரியைப் பாருங்கள். ஒலிப்பதிவின் உரிமை யாருக்கு, எந்த ஆண்டு என்று சொல்வது அதுதான். © என்பது அட்டைப்படம் முதலியவற்றுக்கு. உரிமை கைமாறும்போது ℗ ஆண்டையும் சிலர் மாற்றிவிடுகிறார்கள் என்பதால் அதுவும் முழுச் சான்று அல்ல. பாடியவர் பெயரோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். நான் கடைசியாகப் பார்ப்பது ISRC எண், அதாவது ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரப்படும் அடையாள எண். இரண்டு பக்கங்களில் ஒரே எண் இருந்தால் ஒரே ஒலிப்பதிவு என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். எண் வேறாக இருந்தால் பதிவும் வேறு என்று சொல்ல முடியாது. பழைய நாடாவையே புது எண்ணில் மறுபடி ஏற்றுகிறார்கள்.

பூங்கோதை:
இணையத்தில் ஏற்றிய எங்கள் கல்யாண வீடியோவில் நாதஸ்வரக்காரர் வாசித்ததை ஒரு சினிமாப் பாட்டு என்று சொல்லி ஒலியை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பாட்டின் பக்கத்தில் நாதஸ்வரம் வாசித்தவர் பெயரே இல்லை. இதைக் காட்டி முறையிடலாமா?

ஒலிநாடா:
பதிவு உங்களுடையது என்பதற்கு அது உதவும். மெட்டின் உரிமை தனி. அதற்கு அந்தப் பக்கம் பதில் சொல்லாது. வாத்தியக்காரர்கள் பெயரைப் பல நிறுவனங்கள் தருவதே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ரேடியோப்பெட்டி:
நீளத்தையும் ஒப்பிட்டேன். கேசட்டில் ஏழெட்டு வினாடி குறைவு.

ஒலிநாடா:
சுருதியும் கொஞ்சம் ஏறியிருக்கிறதா? அப்படியென்றால் டெக் வேகமாக ஓடுகிறது. சுருதி மாறாமல் நீளம் மட்டும் குறைந்தால் எங்கோ வெட்டியிருக்கிறார்கள்.

ரேடியோப்பெட்டி:
ஏறியிருக்கிறது. இன்னொரு சந்தேகம்: அதே பாடகர் அதே பாட்டைப் பிற்காலத்தில் மறுபடி பாடியிருந்தால்? பெயர்கள் எல்லாம் ஒன்றாகத்தானே இருக்கும்?

மாடிவீட்டுக்காரர்:
அதற்குத்தான் ஆண்டு என்றேன்.

ஒலிநாடா:
ஆண்டு நம்பகமாக இருந்தால் சரி. இல்லாவிட்டால் முன்னிசையை இரண்டிலும் அடுத்தடுத்துக் கேட்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.