‘ஸ்கிரீனிங் வேல்யூ’: வரம்பா, மேலாய்வு அளவா?

அறிக்கை மொழிபெயர்ப்பாளர்:
நண்பர்களுக்கு வணக்கம். மூடப்பட்ட ஒரு பேட்டரித் தொழிற்சாலை வளாகத்தின் மேல்மண் பரிசோதனை அறிக்கையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அங்கே வீடுகள் வரப்போகின்றன. 10 செ.மீ. ஆழம் வரை ஐந்து இடங்களில் மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து அளந்ததில் ஈயம் கிலோவுக்கு 310 மில்லிகிராம். அதை 400 என்ற ‘ஸ்கிரீனிங் வேல்யூ’வோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். ‘அனுமதிக்கப்பட்ட வரம்பு’ என்று எழுதிவிடலாமா?

தமிழாசிரியர்:
வேர்ச்சொல்லைப் பிடித்தால் விடை கிடைத்துவிடும். ஸ்கிரீன் செய்வது என்றால் சலிப்பது. ஆகவே ‘சலிப்பு மதிப்பு’.

மண் வேதியியலாளர்:
ஐயா, ஆய்வகத்தில் மண்ணை உலர்த்தி 2 மி.மீ. சல்லடையில் உண்மையாகவே சலிக்கிறோம். ஒரே பக்கத்தில் இரண்டு சலிப்பு வந்தால் வாசகருக்கு மூன்றாவது சலிப்பும் வந்துவிடும். ‘வரம்பு’ அதைவிடச் சிக்கல். வரம்புக்குள் இருந்தால் கவலையில்லை, தாண்டினால் குற்றம் என்று பொருளாகும். இந்த எண் இரண்டையும் சொல்லவில்லை. தாண்டினால் இன்னும் நுணுக்கமாக ஆராய வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது.

நீர்ப் பரிசோதகர்:
குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். நான் பார்த்த கிணறு ஒன்றில் அது தாண்டியபோது குடிப்பதையே நிறுத்தச் சொன்னோம். அது வரம்பில்லாமல் வேறென்ன? 400 என்பது அச்சுப்பிழையா?

மண் வேதியியலாளர்:
அச்சுப்பிழை இல்லை. தண்ணீரை நாள்தோறும் லிட்டர் கணக்கில் குடிக்கிறோம். மண்ணோ, விளையாடும் குழந்தையின் கைவழியாகக் கொஞ்சம்தான் வயிற்றுக்குப் போகிறது. அதனால் நிலத்தை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். ஜெர்மனியின் 1999 மண் பாதுகாப்பு ஆணையில் ஈயத்துக்குக் குழந்தைகள் விளையாடும் இடத்தில் 200, குடியிருப்பில் 400, தொழிற்பகுதியில் 2000. இவையெல்லாம் ‘ஆராய்ந்து பார்’ என்னும் அளவுகள். ‘நடவடிக்கை எடு’ என்னும் அளவுகளை அந்த ஆணை தனியாக வைத்திருக்கிறது. மண்ணோடு நேரடித் தொடர்பு என்ற வழியில் ஈயத்துக்கு அப்படி ஓர் எண்ணே அதில் இல்லை. ஆகவே ‘மேலாய்வு அளவு’, ‘நடவடிக்கை அளவு’ என்று இணையாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. கலக்குவதற்கு முன் ஐந்து மண்ணிலும் தனித்தனியே கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறார்களா?

அறிக்கை மொழிபெயர்ப்பாளர்:
வைத்திருக்கிறார்கள். கையடக்க எக்ஸ் கதிர் கருவியில் பார்த்த ஈய அளவுகள் பின்னிணைப்பில் உள்ளன: 60, 70, 85, 95, 1240. கடைசி இடத்தில் கறுப்பு நிறக் கெட்டி ரப்பர் துண்டுகள் கிடந்தனவாம். அதே இடத்தில் ஆர்சனிக் 95 என்றும் இருக்கிறது.

மண் வேதியியலாளர்:
அந்தத் துண்டுகள் பழைய பேட்டரிப் பெட்டியின் உடைசல்களாகத்தான் இருக்கும். கூட்டி ஐந்தால் வகுத்துப் பாருங்கள், சரியாக 310. நான்கு நல்ல இடங்கள் ஒரு கெட்ட இடத்தை மறைத்துவிட்டன. இதை ‘வரம்புக்குள்’ என்று தமிழில் எழுதினால், 1240 உள்ள மண்மீது வீடு கட்டலாம் என்று படிப்பார்கள்.

ஆர்சனிக் எண்ணையும் நம்பிவிட வேண்டாம். கருவி ஒவ்வொரு தனிமத்தையும் அது உமிழும் எக்ஸ் கதிரின் ஆற்றலை வைத்தே அடையாளம் காண்கிறது. கருவி தேடும் ஆர்சனிக்கின் முதன்மைக் கோடு 10.54 கிலோ எலக்ட்ரான் வோல்ட், ஈயத்தின் கோடு 10.55. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. ஈயம் பத்து மடங்குக்கு மேல் இருந்தால் ஆர்சனிக்கைப் பிரித்தறிவது கடினம். இங்கே பதின்மூன்று மடங்கு. பேட்டரி ஈயத்தில் ஆர்சனிக் கலப்பதும் உண்டு என்பதால் பொய் என்று தள்ளவும் முடியாது. அந்த மண்ணை அமிலத்தில் கரைத்து ஆய்வகத்தில் அளக்க வேண்டும். குடியிருப்புக்கான ஆர்சனிக் மேலாய்வு அளவு 50 என்பதால் இது வெட்டிவேலை இல்லை.

தமிழாசிரியர்:
சலிப்பைக் கைவிடுகிறேன். ஆனால் ‘மேலாய்வு அளவு’ என்றால் மேலதிகாரி செய்யும் ஆய்வு போல ஒலிக்கிறதே. ‘மறு ஆய்வு அளவு’?

மண் வேதியியலாளர்:
மறு ஆய்வு என்றால் அதே சோதனையைத் திரும்பச் செய்வது. இங்கே கேள்வியே வேறு: எத்தனை சதுர மீட்டர், எவ்வளவு ஆழம், அந்த ஈயத்தில் எவ்வளவு வயிற்றில் கரையும்?

நீர்ப் பரிசோதகர்:
ஐந்து இடங்களைக் கலந்தால் 400-ஐ ஐந்தால் வகுத்து 80-ஐ அளவாக வைத்தால் என்ன? அப்போது எந்த ஓர் இடமும் நழுவாதே.

மண் வேதியியலாளர்:
நழுவாது, உண்மை. ஆனால் பழைய நகரங்களில் சாதாரண மண்ணிலேயே 80 இருக்கும். அப்புறம் கலந்த மண் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டிவரும். கலந்ததன் பயனே போய்விடும். இந்த வளாகத்துக்கு நான் பரிந்துரைப்பது, கலக்காமல் கட்டம் கட்டமாக அளப்பது.

அறிக்கை மொழிபெயர்ப்பாளர்:
‘மேலாய்வு அளவு’ என்றே அனுப்புகிறேன். வகுத்து வந்த 80-க்கும் அதே பெயரா, வேறு பெயரா? அட்டவணையில் இப்போதைக்கு வெற்றிடமாக விட்டிருக்கிறேன்.