கூட்டத்தை ரொப்பின படத்துக்கு என்ன பெயர்?

இளங்கோ எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஃபிளெக்ஸ் பேனரிலும் இணையத்திலும் வரும் படங்களைச் சரிபார்க்க ஒரு கையேடு தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டேன். ஆங்கிலத்தில் ‘ஸ்ப்ளைசிங்’ என்றால் வேறொரு படத்திலிருந்து ஒன்றை வெட்டிக் கொண்டுவந்து சேர்ப்பது. ‘காப்பி-மூவ்’ என்றால் அதே படத்தின் ஒரு துண்டையே நகலெடுத்து அந்தப் படத்துக்குள் இன்னொரு இடத்தில் வைப்பது.

முதல்வகைக்கு 2015 சென்னை வெள்ளம் நினைவிருக்கும். பிரதமர் விமானத்திலிருந்து பார்வையிடும் படத்தில், ஜன்னலுக்குள் வேறொரு காட்சியைப் பொருத்தி மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டது, பிறகு நீக்கியது. இரண்டாம் வகைக்கு 2004 அமெரிக்க அதிபர் தேர்தல். புஷ் தரப்பின் தொலைக்காட்சி விளம்பரத்தில் படைவீரர் கூட்டத்தின் நடுவே அதே முகங்கள் திரும்பத் திரும்ப வந்தன. பேச்சு மேடையை மறைக்க வீரர்களையே நகலெடுத்து நிரப்பியிருந்தார்கள்.

‘நகல் நகர்த்தல் மோசடி’ என்று எழுதிப் பார்த்தேன். எனக்கே பிடிக்கவில்லை.

நாகலிங்கம் எழுதியது:

ஃபிளெக்ஸுக்கு ‘நெகிழிப் பதாகை’ என்று நான் முன்பே சொல்லியிருக்கிறேன். யாரும் கேட்பதில்லை.

இளங்கோ எழுதியது:

ஐயா, கேள்வி துணியைப் பற்றியதல்ல, அதில் அச்சாகும் படத்தைப் பற்றியது. பதாகையை வைத்துக்கொள்கிறேன்.

செந்தில் எழுதியது:

நான் பதினாறு வருடமாக ஃபிளெக்ஸ் டிசைன் செய்கிறேன். ‘மோசடி’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். வாடிக்கையாளர் வந்து, “அண்ணே, கூட்டம் கம்மியா தெரியுது, கொஞ்சம் ரொப்பிக் குடுங்க” என்பார். அதே படத்தில் ஆள் நெருக்கமாக இருக்கும் இடத்தை வளைத்து எடுத்து, ஓரம் மங்கிக் கலக்கும்படி ஃபெதர் கொடுத்து, காலி நாற்காலி மேல் வைப்போம். தலைவருக்குப் பக்கத்தில் வட்டச் செயலாளர் நிற்கிற மாதிரி போடுவதும் அப்படித்தான். பத்துக்கு எட்டு பேனரில் இருவரும் நிஜமாகவே பக்கத்தில் நின்றார்கள் என்று ஊரில் யாரும் நம்புவதில்லை. அதே படத்தை ‘நேற்றைய மாநாட்டில் திரண்ட மக்கள்’ என்று செய்திப்படமாகப் பரப்பினால்தான் தப்பு. அதை நான் செய்வதில்லை.

அரவிந்த் எழுதியது:

பெயர் எதுவானாலும் கண்டுபிடிப்பது சுலபம். படக்கோப்பைச் சுருக்கிச் சேமிக்கும்போது வரும் பிழையளவைக் காட்டும் கருவியில் படத்தைப் போட்டால் ஒட்டின இடம் மட்டும் பளிச்சென்று தெரியும்.

இளங்கோ எழுதியது:

அரவிந்த், அது பாதிதான் சரி. வேறு படத்திலிருந்து வந்த துண்டு வேறு அளவில் சுருக்கப்பட்டிருந்தால் தெரியலாம். ஆனால் வாட்ஸாப்பில் நாலு கை மாறின படம் முழுவதுமே மறுபடி மறுபடி சுருக்கப்பட்டிருக்கும், வித்தியாசம் அழிந்துபோகும். அதோடு கூர்மையான எழுத்து, கொடியின் ஓரம் எல்லாமே அந்தக் கருவியில் பளிச்சென்றுதான் தெரியும், அவை ஒட்டப்படாமலே.

நான் சென்ற மாதம் பார்த்த ஒரு படத்தைச் சொல்கிறேன். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். பேனரைத் தெருவில் நின்று எடுத்த படம் உதவவில்லை, அச்சுப் புள்ளிகளில் ஓரமெல்லாம் கரைந்திருந்தது. இணையத்தில் போட்ட மூலப்படம் கிடைத்தது. மேடையிலிருந்து எடுத்தது, சமதளமான மைதானம். இரண்டு பக்கத் தடுப்புக் கம்பிகளும் இணையாகப் போகின்றன. அந்தக் கோடுகளை நீட்டினால் அவை சந்திக்கும் உயரம்தான் தொடுவானம், அதாவது கேமராவின் கண்மட்டம்.

சமதளத்தில் நிற்பவர்களின் தலை, தொடுவானத்திலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறதோ அதற்கு ஏற்ற விகிதத்தில்தான் பெரிதாக இருக்க வேண்டும். முன்வரிசையில் 540 பிக்சல் கீழே இருந்த தலைகள் உச்சி முதல் தாடை வரை ஏறக்குறைய 60 பிக்சல். ஒன்பதில் ஒரு பங்கு. நடுவரிசையில் 360க்கு 40, சரி. பின்வரிசையில் 180க்கு 20 வர வேண்டும். இடப்பக்கம் அப்படித்தான் இருந்தது. வலப்பக்கம் ஒரு திட்டில் மட்டும் 40!

அப்போதுதான் ஒன்று உறைத்தது. 40 பிக்சல் தலைக்கு உரிய இடம் 360 கோடு. அப்படியானால் அந்தத் திட்டு அங்கிருந்துதான் 180 பிக்சல் மேலே ஏறியிருக்க வேண்டும். ஆயிரம் முகங்களில் தேட வேண்டியதில்லை, அந்த ஒரு வரிசையைப் பார்த்தால் போதும். பார்த்தேன். மஞ்சள் துண்டைத் தலையில் கட்டிய ஒருவர், திட்டிலிருந்து 310 பிக்சல் இடப்பக்கம். அவர் தோளுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட பையன், பக்கத்தில் கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைப்பவர். மூவரும் அதே நிலையில், அதே 310, அதே 180 தள்ளி மேலேயும் இருந்தார்கள். ஒருவர் மட்டும் இரண்டு இடத்தில் என்றால் சாயல் என்று விடலாம். மூவரும் ஒரே தூரம் ஒரே திசையில் தள்ளியிருப்பது தற்செயலாக நடக்காது.

அப்புறம் ஓரத்தைப் பார்த்தேன். திட்டின் விளிம்பில் கழுத்தில்லாத ஒரு பாதித் தலை புகை மாதிரி மங்கி நின்றது.

செந்தில் எழுதியது:

சோம்பேறி வேலை. சுருக்கியாவது வைத்திருக்கலாம். அந்த விளிம்பில் ஒரு கொடியை வைத்தால் உங்களுக்குப் பாதித் தலை கிடைத்திருக்காது. சிலர் திருப்பிப் போடுவார்கள், வலம் இடமாக. அப்போது உங்கள் 310 கணக்கு உதவாது. ஆனால் சட்டைப் பையைப் பாருங்கள். நம் ஆண்கள் சட்டையில் பை இடமார்பில்தான் இருக்கும். திருப்பினால் ஒரு திட்டில் மட்டும் எல்லோருக்கும் வலப்பக்கம் வந்துவிடும். பெண்களுக்கு முந்தானை தோள் மாறும்.

அரவிந்த் எழுதியது:

என் கல்யாண ஆல்பத்தில் சித்தப்பா ஒரே படத்தில் இரண்டு முறை இருக்கிறார். யாரும் ஒட்டவில்லை, போனில் பனோரமா எடுத்தது. அவரும் உங்கள் கணக்கில் போலியா?

இளங்கோ எழுதியது:

இல்லை. கேமரா திரும்பிய திசையிலேயே அவரும் நடந்திருப்பார். முகமும் கைகால் நிலையும் இரண்டிலும் கொஞ்சமாவது மாறியிருக்கும், அக்கம்பக்கத்து ஆட்களும் வேறாக இருப்பார்கள். ஆனால் நல்ல கேள்வி, கையேட்டில் சேர்க்கிறேன். தலையளவுக் கணக்கும் படிக்கட்டு வைத்த அரங்கத்திலும் சரிவான மைதானத்திலும் செல்லாது. தோளில் உட்கார்ந்த குழந்தைகளையும் கணக்கில் எடுக்கக்கூடாது.

வசந்தா எழுதியது:

நான் தாவரவியல் ஆசிரியை, ஓய்வு பெற்றுவிட்டேன். உங்கள் இரண்டு வகையும் தோட்டக்காரருக்குத் தெரிந்தவைதான் தம்பி. வேறு மரத்தின் கிளையைக் கொண்டுவந்து சேர்த்தால் ஒட்டு. அதே செடியின் கிளையை வளைத்துப் பக்கத்து மண்ணில் புதைத்து வேர்விட வைத்தால் பதியன். தலைவரைச் சேர்த்தால் ‘ஒட்டுப்படம்’, கூட்டத்தைப் பெருக்கினால் ‘பதியன் படம்’. மோசடி என்ற பழியும் இல்லை, செந்திலுக்கும் மனக்கசப்பு வராது.

செந்தில் எழுதியது:

அம்மா, பதியன் அருமை. ஆனால் ‘ஒட்டுப்படம்’ தேர்தல் நேரத்தில் ‘ஓட்டுப்படம்’ என்றுதான் அச்சாகும். எங்கள் கடையில் அடிக்கிற பையனை எனக்குத் தெரியும்.

அரவிந்த் எழுதியது:

ரோஜாப் பதியன் வாங்கியவர்களுக்குப் புரியும். அடுக்குமாடியில் வளர்ந்தவனுக்கு? ‘படியொட்டு’ என்றால் நேராகவே விளங்கும்.

வசந்தா எழுதியது:

படி என்றால் மாடிப்படி என்பார்கள் அடுக்குமாடிக்காரர்கள்.

இளங்கோ எழுதியது:

ஒட்டுப்படத்தை எடுத்துக்கொள்கிறேன், ‘ஒ’ குறிலை செந்தில் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டாவதற்குப் பதியன், படியொட்டு இரண்டையும் கையேட்டில் போட்டு வைக்கிறேன், எது நிலைக்கிறதோ பார்க்கலாம். அம்மா, திருப்பிப் போட்ட பதியனுக்குத் தோட்டத்தில் ஏதாவது பெயர் உண்டா?

வசந்தா எழுதியது:

செடிக்குச் சட்டைப் பை கிடையாதே தம்பி. யோசித்துச் சொல்கிறேன்.