டீஃபால்ட் ஒரு ஆப், பணம் போவது இன்னொரு ஆப்: டேப் பேமென்ட் அனுபவங்கள்

நிலவன்: ஆண்ட்ராய்டு போன். போனோடு வந்த வாலட் ஒன்று, பேங்க் ஆப் ஒன்று, இரண்டிலும் கார்டு சேர்த்தாயிற்று. பேங்க் ஆப்புக்குத் தனி பின் நம்பரும் வைத்தாயிற்று. ஆனாலும் மெஷினில் போனை வைத்தால் வாலட் கார்டிலிருந்துதான் பணம் போகிறது, பின் நம்பரே கேட்பதில்லை. உங்களுக்கு எப்படி?

மல்லிகா: போன் செட்டிங்ஸில் ஆப் லாக் இருக்கும் பாருங்க. வாலட்டுக்கும் அதைப் போட்டுட்டா பின் நம்பர் இல்லாம ஒரு பைசா போகாது.

செந்தூரன்: பாதி சரி மல்லிகா. ஆப் லாக் பூட்டுவது ஆப்பின் திரையை மட்டும்தான். இன்னொருவர் உள்ளே போய் கார்டு விவரம் பார்க்க முடியாது, அவ்வளவே. டேப் செய்யும்போது அந்தத் திரை திறக்கவே வேண்டியதில்லை. மெஷின் கேட்பதற்குப் பின்னணியில் இருக்கும் பேமென்ட் சர்வீஸ் பதில் சொல்லிவிடும். போன் அன்லாக் ஆகியிருந்தால் பெரும்பாலான வாலட்டுகளுக்கு அதுவே போதும். டேப்பின் நேரத்தில் பின் நம்பர் கேட்க வேண்டுமென்றால் அந்த ஆப்பே தன் பேமென்ட் செட்டிங்ஸில் அந்த வசதியைத் தந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து பூட்டினால் வேலைக்கு ஆகாது.

நிலவன், உங்கள் பேங்க் ஆப்பின் பின் நம்பர் பேங்க் ஆப்பை மட்டும் காக்கிறது. மெஷினுக்குப் பதில் சொன்னது வாலட். எனவே முதலில் யார் டீஃபால்ட் என்று பாருங்கள். பல போன்களில் Settings > Connected devices > Connection preferences > NFC > Contactless payments என்று போக வேண்டும். ஆண்ட்ராய்டு 15-இலிருந்து Default apps பட்டியலில் Wallet app என்றே தனியாக இருக்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி மெனு மாறும், செட்டிங்ஸ் தேடலில் contactless என்று அடித்துவிடுவது சுலபம்.

தாமரை: எனக்கும் இதே தொல்லை. பேமென்ட் லிங்க்கைத் தொட்டா எப்பவும் ஒரே ஆப்தான் திறக்குது. மாத்தவே முடியல.

செந்தூரன்: அது வேறு டீஃபால்ட், தோழி. லிங்க்கை எந்த ஆப் திறப்பது என்பது டேப்போடு சேராது. அந்த ஆப்பின் App info-வில் Open by default போய், அங்கே இருப்பதை கிளியர் பண்ணுங்கள். அடுத்த முறை எந்த ஆப் என்று கேட்கும்.

நிலவன்: பார்த்தேன், வாலட்தான் டீஃபால்ட். கீழே இன்னொரு தேர்வும் இருக்கிறது: எப்போதும், அல்லது வேறு பேமென்ட் ஆப் திறந்திருந்தால் தவிர.

செந்தூரன்: உங்களுக்கு வேண்டியது அந்த இரண்டாவதுதான். சாதாரணமாக வாலட்டிலும், பெரிய தொகைக்குப் பேங்க் ஆப்பிலும் கட்ட நினைத்தால் வாலட்டையே டீஃபால்ட்டாக விடுங்கள். பெரிய தொகை வரும்போது பேங்க் ஆப்பைத் திறந்து, பின் நம்பர் அடித்து, பணம் கட்டும் திரையிலேயே நின்றபடி போனை வையுங்கள். பின் நம்பர் அடித்த கையோடு மெசேஜ் பார்க்க வேறு ஆப்புக்குப் போனீர்களானால் முன்னால் இருப்பது பேங்க் ஆப் இல்லை. டேப் மறுபடி வாலட்டுக்குப் போய்விடும்.

கதிர்வேல்: கல்லாப்பெட்டி பக்கம் இருந்து ஒன்று. டேப் வைத்த பிறகு பின் நம்பர் கேட்கும் ஆப்களில் மெஷின் 'போனைப் பாருங்கள்' என்று காட்டும். வாடிக்கையாளர் பின் நம்பர் அடித்துவிட்டு அப்படியே நிற்பார், பணம் போகாது. இன்னொரு முறை டேப் செய்ய வேண்டும். முதல் டேப் பின் நம்பர் கேட்பதற்கு மட்டும். தாமதித்தால் மெஷினும் கேன்சல் செய்துவிடும், திரும்ப முதலிலிருந்து.

நிலவன்: எந்த ஆப் கட்டியது என்று ரசீதில் தெரியுமா? கடைசி நான்கு எண் என் எந்தக் கார்டோடும் பொருந்தவில்லை. யாரோ எடுத்துவிட்டார்களோ என்று பயந்தேன்.

செந்தூரன்: பயம் வேண்டாம். டேப்பில் கார்டின் அசல் எண் போவதில்லை, போனுக்கென்று தந்த மாற்று எண் போகும். ரசீதில் அதன் கடைசி நான்கு இலக்கம் வரலாம். வாலட்டில் கார்டைத் திறந்து விவரத்தில் அந்த எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மல்லிகா: தனி பின் நம்பரை மறந்துட்டா?

செந்தூரன்: முதலில் ஆப்பிலேயே 'மறந்துவிட்டேன்' வழியைப் பாருங்கள். அவசரப்பட்டு ஆப் டேட்டாவை அழித்தால் மாற்று எண்ணும் சேர்ந்து போய்விடும், கார்டை மறுபடி சேர்த்து ஓடிபி வாங்க வேண்டியிருக்கும். திரைப்பூட்டை எடுத்துவிட்டாலும் சில வாலட்டுகள் கார்டுகளை நீக்கிவிடும். புது விரல்ரேகை சேர்த்தால் பழைய பின் நம்பரைக் கேட்கும் ஆப்களும் உண்டு. அதனால் விரல்ரேகை இருக்கிறதே என்று பின் நம்பரை மறந்துவிடாதீர்கள்.

கதிர்வேல்: எங்கள் பேங்க் ஆப் சில சமயம் பின் நம்பர் கேட்கிறது, சில சமயம் கேட்பதில்லை. தொகையைப் பொறுத்தா என்றால் அதுவும் ஒரே மாதிரி இல்லை. யாருக்காவது காரணம் பிடிபட்டதா?